கன்னத்தில் ஒரு வளைவு

பத்தாம் வகுப்புப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதைத் தேடித்தான் வள்ளி இரண்டாம் கட்டில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஜாதகக் கட்டு, மொய் நோட்டு, மூடி உடைந்த ஓலைக் கொட்டான். அடியில் பழுப்பு உறைக்குள் ஒரு படம். அவளுடைய ஆத்தா உமையாள், பத்தொன்பது வயதில். பின்பக்கம் காரைக்குடி ஸ்டுடியோ ஒன்றின் முத்திரையும் 1986 என்ற பென்சில் குறிப்பும்.

பெண் பார்க்க அனுப்பிய படம் என்று பார்த்ததுமே தெரிந்தது. கண்டாங்கிச் சேலை, காதில் வைரத்தோடு, மடியில் கோத்த விரல்கள், பின்னால் சாம்பல் நிறத் திரை. முகம் மாவு பூசினாற்போல் வழவழப்பாக இருந்தது.

வள்ளி பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தெரிந்த விடையும் தொண்டையில் நின்றுவிடும். "ஆத்தாவுக்குத் தப்பாத மக. அவளும் அப்படித்தான், ரோட்டுல எதிர்ல வந்தாக் கூட முகம் பார்க்க மாட்டா" என்று அப்பத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கூச்சம் ரத்தத்தில் வந்தது என்றே வள்ளியும் நம்பியிருந்தாள்.

படத்தை வளவுக்குக் கொண்டுவந்து, வானவெளி வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகே பிடித்தாள். வலது பக்கம் நெற்றிப்பொட்டிலிருந்து இறங்கும் முகக்கோடு கண் மட்டத்தில் சட்டென்று உள்ளே வாங்கி, ஒரு விரற்கடை கீழே வந்து மறுபடி வெளியே போனது. இடது பக்கமும் அதே உயரத்தில் அதே வளைவு. ஆத்தாவுக்கு அப்படிக் கன்னம் கிடையாது. அடுப்படியில் நின்ற ஆத்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். மூக்குத் தண்டின் இரு புறமும் அரிசி அளவில் நிழல். காதுக்கு மேலே முடிக்குள் நேராக ஒரு வெளிறிய கோடு.

படத்தைச் சாய்த்து வெளிச்சம் தாளின் மேல் படுக்கும்படி பிடித்தாள். பளபளப்புத் தாளில் இரண்டு புருவங்களும் மட்டும் மங்கின. அங்கே தூரிகை பட்டிருக்கிறது. கண்ணைச் சுற்றிய தோல் எந்தக் கோணத்திலும் ஒன்றுபோலப் பளபளத்தது. ஆனால் கழுத்தில் தெரிந்த பொடிப்பொடியான மணல் அங்கே இல்லை.

சனிக்கிழமை ட்யூஷன் முடிந்ததும் அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே கம்ப்யூட்டரில் ஒரு பையன் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தான். மூலையில் இருந்த பெரியவரிடம் உறையை நீட்டினாள். வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"நம்ம கைதான். கண்ணாடியை எடுத்திருக்கேன்."

"கண்ணாடியா?"

"மூக்குக் கண்ணாடி. கறுப்பு பிளாஸ்டிக் பிரேம், தடியானது." மேசை இழுப்பறையிலிருந்து பழைய கால் பிளேட் நெகட்டிவ் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். "கறுப்பா இருக்கறது பூரா இதுல தெளிஞ்சு நிக்கும், பார்த்தியா? அந்த எடத்தை நிரப்பினாத்தான் பிரிண்டுல தோலா வரும். சின்ன பருன்னா பென்சில் போதும். பிரேம் அகலமானது, பென்சில் ஈயம் அவ்வளவு தாங்காது, வழுக்கிரும். அதனால முதல்ல சிவப்புச் சாயத்தைத் தண்ணியா கலந்து, நுனி பிரஷ்ஷால ஒண்ணு காஞ்சப்பறம் ஒண்ணா ஏத்தணும். ஒரேயடியா வெச்சா ஓரத்துல கோடு கட்டிரும். அது காஞ்சதும் டர்பன்டைன்ல குங்கிலியம் கரைச்ச மீடியத்தைப் பஞ்சால லேசாத் தேய்ச்சு, மேல பென்சில். ஈயத்தை ஒரு இஞ்ச் நீளத்துக்கு உப்புத்தாள்ல ஊசியாத் தீட்டி, கமா கமாவாப் போடணும். கோடா இழுத்தா பிரிண்டுல கோடாவே விழும்."

"புருவம்?"

"பிரேம் புருவத்து மேல உக்காந்திருக்கும். பிரேமை நிரப்பினா புருவமும் போயிரும். அதை பிரிண்டு மேல வரையணும்." அவள் கேட்டதில் அவருக்கு முகம் மலர்ந்தது. "கண்ணாடியில விளக்கு மின்னியிருந்தா அது நெகட்டிவ்ல கறுப்பாக் கட்டியிருக்கும். கத்தி நுனியால சுரண்டணும். கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா பிலிம் ஓட்டையாயிரும்."

வள்ளி முகக்கோட்டின் வளைவில் விரல் வைத்தாள்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதைக் கண்டுபிடிச்சியா? கிட்டப்பார்வைக் கண்ணாடி எல்லாத்தையும் சின்னதாக் காட்டும். அதுக்குப் பின்னால இருக்கிற கன்னமும் உள்ள வாங்கித் தெரியும், அந்த எடத்துல திரை தெரியும். பிரேமை எடுத்துறலாம். கன்னத்தை நிமித்தணும்னா இல்லாத தோலைத் திரை மேல வரையணும், கொஞ்சம் பிசகினா முகமே மாறிரும். விட்டுட்டேன். பார்க்க வர்றவங்க கண்ணைத்தானே பார்ப்பாங்க. ரெண்டு பவருக்கு இவ்வளவு வாங்காது பாப்பா. இது நாலுக்கு மேல."

திரும்புகாலில் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நின்றபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பஸ் வந்து நின்றால் ஆத்தா போர்டைப் பார்க்கமாட்டாள், "எந்த ஊரு போகுது?" என்று பக்கத்தில் கேட்பாள். பிள்ளையார்பட்டியில் தீபாராதனை முடிந்து வெளியே வந்ததும், "இன்னிக்குச் சந்தனக்காப்பா, வெள்ளிக் கவசமா?" என்பாள். எத்தனை தடவை பதில் சொல்லியிருக்கிறாள்! வாசலில் யார் நின்றாலும் குரல் கேட்டபின்தான் முகத்தில் சிரிப்பு வரும். புத்தகம் மட்டும் மூக்கை உரசும். ஊசியில் நூல் கோப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதினெட்டு வருஷமாக ஊர் அதற்குக் கூச்சம் என்று பேர் வைத்திருந்தது.

அன்று இரவு அப்பத்தா படுத்தபின் படத்தை ஆத்தாவின் மடியில் வைத்தாள். உமையாள் அதை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுல கண்ணாடி எங்கே ஆத்தா?"

உமையாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். "ஆயா எடுக்கச் சொன்னாக. கல்யாணம் முடியட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்னாக. இங்க வந்தப்பறம் சொன்னா மறைச்சுக் கட்டிக்கொடுத்தோம்னு ஆகும். ஆயாவை ஏசுவாக. அப்படியே பழகிப்போச்சு."

"அப்பச்சிக்கும் தெரியாதா?"

"வழி நடக்கும்போது கையப் பிடிச்சுக்குவாக. கேட்டதில்லை."

வள்ளி எழுந்துபோய் ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்தாள். காம்பஸுக்கு அடியில் நாலாக மடித்த சீட்டு. ஆடி மாதம் பள்ளியில் நடந்த கண் பரிசோதனை முகாமில் கொடுத்தது. வலது -1.75, இடது -2.00. கரும்பலகை மங்கியதையும், அதனால் கேள்வி கேட்டால் தலைகுனிந்ததையும், கண்ணாடி போட்டால் என்ன சொல்வார்களோ என்று சீட்டை ஒளித்ததையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி உமையாள் கேட்டதில்லை.

"மூணு மாசமா வெச்சிருக்கியா?" என்றாள். கோபப்பட ஆரம்பித்தவள், மடியில் இருந்த படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "திங்கக்கிழமை காரைக்குடி போவோம். அப்பத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன். உனக்குன்னு."

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். சீட்டு போடும் பெண் நிமிராமல், "யாருக்குப் பார்க்கணும்?" என்றாள். உமையாள் மகளின் தோளைத் தொட்டு முன்னே நகர்த்தினாள்.

"ரெண்டு பேருக்கும்" என்றாள் வள்ளி. அந்தப் பெண் காதில் விழாமல் நிமிர்ந்து பார்க்க, கவுன்ட்டரில் கையூன்றி, வரிசைக்கே கேட்கும்படி மறுபடி சொன்னாள்: "எனக்கும் எங்க ஆத்தாவுக்கும். அவுகளை முதல்ல பாருங்க, அவுகளுக்குத்தான் பவர் ஜாஸ்தி."