தினசரி விற்பனைப் பதிவு: கல்லாவில் இருப்பவர்களுக்கு

எக்செல் கோப்பின் "விற்பனை" தாளில் ஒரு பில்லுக்கு ஒரு வரி. மஞ்சள் கட்டங்களில் மட்டும் எழுதுங்கள். சாம்பல் கட்டங்களில் ஃபார்முலா இருக்கிறது. கை தவறி அழிந்தால் உடனே Ctrl+Z.

தேதிக்கு Ctrl+; போதும். தொகையை 1250 என்று வெறும் எண்ணாக அடியுங்கள். "ரூ.1250" என்றோ "1250/-" என்றோ எழுதினால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், SUM கூட்டாமல் விட்டுவிடும், எச்சரிக்கையும் வராது. இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும்.

ரொக்கம், யுபிஐ, கடன் தனித்தனிப் பத்தியில். பழைய கடன் வசூலானால் அது விற்பனை இல்லை, "வசூல்" தாளில் போடுங்கள். சரக்கு திரும்பி வந்தால் பழைய வரியை அழிக்காமல் புது வரியில் -180 என்று கழித்தல் குறியோடு எழுதுங்கள்.

இரவு கல்லாப் பணம் ஒத்துவரவில்லையா? எண்ணை மாற்றிச் சரிக்கட்ட வேண்டாம். "குறிப்பு" கட்டத்தில் எழுதிவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.