‘ஓரக்கண்’ குறும்படம்: இயக்குநர் உரை

என் அப்பா நாற்பது வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். தலைமுடியை விட மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கை ட்வீசரில் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அதற்குரிய இடத்தில் உட்கார வைப்பார். ஒருநாள் அப்படி வைத்து முடித்த கையோடு எழுந்தவர், முழங்கைக்கு அருகில் இருந்த கண்ணாடித் தம்ளரைத் தட்டிவிட்டார். தண்ணீர் மேஜை முழுக்க ஓடியது. “இதை எப்ப இங்க வச்சே?” என்று என்னிடம் கேட்டார். தம்ளர் காலையிலிருந்து அங்கேதான் இருந்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் கண் பரிசோதனை செய்திருந்தோம். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தார். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பலகை நேர்ப்பார்வையை மட்டுமே அளக்கும். அப்பாவுக்கு இருந்தது கிளாக்கோமா, பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய். அது பெரும்பாலும் பார்வையின் ஓரத்திலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். அதைக் கண்டுபிடிக்கப் பார்வைப் பரப்பையும் பார்வை நரம்பையும் தனியாகச் சோதிக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியவந்தபோது இரண்டு கண்களிலும் ஓரப்பார்வையில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை.

எனக்கு எடிட்டிங்தான் தொழில். ஃப்ரேமின் மூலையில் ஒரு மைக் நுனி எட்டிப் பார்த்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்பா கொஞ்ச காலமாகவே கண்ணைத் திருப்பாமல் தலையை முழுசாகத் திருப்பிப் பார்க்கிறார் என்பது மட்டும் எனக்குத் தப்பிவிட்டது. கழுத்து வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் படத்தை நான் எடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றியதற்கு அதுதான் காரணம்.

‘ஓரக்கண்’ 22 நிமிடப் புனைவுப் படம். ஒரு பட்டறை, ஒரு மாடிப்படி, ஒரே ஒரு பகல். மகள் அப்பாவைப் பார்வைப் பரப்புச் சோதனைக்கு அழைத்துப் போக வந்திருக்கிறாள். கையில் இருக்கும் வாட்ச்சை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார் அவர். கதை அவ்வளவுதான். முதலில் ஆவணப்படமாகத்தான் யோசித்தேன். கேமரா முன்னால் உட்கார அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “என் மூஞ்சி வேண்டாம்மா, வேணும்னா கையை எடுத்துக்கோ” என்றார். அதனால் படத்தில் முகம் நடிகருடையது. வேலை செய்கிற கைகள் எல்லாம் அப்பாவுடையவை.

காட்சி மொழியில் முதல் முடிவே ஒரு மறுப்புதான். கறுப்பு வட்டத்துக்குள் உலகம் சுருங்குவதுபோல ஒரு ஷாட்கூட இந்தப் படத்தில் கிடையாது. “என்னப்பா தெரியுது?” என்று அவரிடம் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான்: “எல்லாம் தெரியுதே.” அவர் பொய் சொல்லவில்லை. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் நம் எல்லோருக்குமே ஒரு குருட்டுப்புள்ளி இருக்கிறது. அங்கே நமக்குக் கறுப்பாக எதுவும் தெரிவதில்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அப்பாவுக்கு ஓரம் முழுக்க அந்த வேலை நடக்கிறது. இந்த நோய் உள்ள எல்லோருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு ஓரம் மங்கலாகத் தெரிகிறது, சிலருக்கு ஏதோ விடுபடுவது புரிகிறது. நான் எடுத்திருப்பது அப்பாவின் பார்வையை.

ஆகவே அவர் பார்க்கும் ஷாட்களில் ஃப்ரேம் முழுசாகவே இருக்கும். பொருள்தான் இருக்காது. கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, நாற்காலியோடு ஒரு தடவை, நாற்காலி இல்லாமல் ஒரு தடவை எடுத்து, எடிட்டில் இரண்டையும் ஒன்றாக்கினோம். அப்பாவின் பார்வையில் அங்கே வெறும் சுவர். அடுத்த ஷாட்டில் மகள் அதே இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். படத்தில் ஏழு இடங்களில் இப்படி நடக்கிறது. எந்த இடத்திலும் இசையாலோ வெளிச்சத்தாலோ குறிப்புக் கொடுக்கவில்லை. முதல் தடவை பார்ப்பவர்களில் பலர் இரண்டு மூன்றைத்தான் கவனிப்பார்கள். மற்றவை தப்பிப் போகட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். ‘எனக்கு எல்லாம் தெரிகிறது’ என்ற நிச்சயத்தோடு உட்கார்ந்திருப்பவர், தனக்கும் ஒன்று தெரியாமல் போயிருக்கிறது என்று உணரும் அந்த நொடிக்காகத்தான் இந்தப் படம். அப்பாவைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

படத்தின் அகல உயர விகிதம் 1.33:1. அகலத்திரை பக்கவாட்டில் அள்ளிக் கொடுக்கும் இடத்தை அப்பாவுக்கு இல்லாதபோது பார்வையாளருக்கு மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டறை மேஜையில் மேக்ரோ லென்ஸ். ஃபோகஸ் அவ்வளவு மெல்லிசாக இருப்பதால், பேலன்ஸ் வீல் தெளிவாக இருக்கும்போதே அதைப் பிடித்திருக்கும் விரல் கரைந்துவிடுகிறது. மேஜையை விட்டு வந்துவிட்டால் எல்லாமே 35 மி.மீ. லென்ஸ், எஃப்8, முன்னும் பின்னும் கூர்மை. மங்கலாக இருந்ததால் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கேமரா எங்கேயும் நகர்ந்து போகாது, இருந்த இடத்திலிருந்து திரும்பும், அவ்வளவுதான். அப்பா தலையைத் திருப்புகிற வேகத்தை அளந்து வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் கேமராவைத் திருப்பினோம்.

மாடிப்படிக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. படியின் விளிம்பை நமக்குக் காட்டிக் கொடுப்பது நிழல். வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்தால் அந்த நிழல் அழிந்து, பத்துப் படியும் ஒரே சாம்பல் பலகையாகிவிடும். ஒளிப்பதிவாளர் ஜன்னலுக்கு எதிரே வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி அதைச் சாதித்தார். அந்த ஷாட்டில் நடிகர் காலால் படியைத் தேடுவது நடிப்பில்லை.

ஒலியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. படத்தில் பின்னணி இசை இல்லை, டிக் டிக் சத்தம்தான் இருக்கிறது. பழைய மெக்கானிக்கல் வாட்ச்களில் பல மணிக்கு 18,000 தடவை அடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து. நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்தால் ஓர் அடிக்கு 4.8 ஃப்ரேம் வரும், வெட்டு ஐந்து அடிக்கு ஒரு தடவைதான் சரியாக அடியின் மேல் விழும். 25 ஃப்ரேமில் சரியாக ஐந்து. அதற்காகவே 25 ஃப்ரேமில் எடுத்தோம். பட்டறைக் காட்சிகளில் ஒவ்வொரு வெட்டும் ஓர் அடியின் மேல் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போன பொருள்களும் ஒலியில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. நாற்காலி இல்லாத அந்த ஷாட்டில் நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும்.

முதல் எடிட்டை அப்பாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். திரைக்கு மிக அருகில் உட்கார்ந்து, தலையை இடமிருந்து வலம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நாற்காலி காணாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது திரும்பி வந்தபோதும் பேசவில்லை. கடைசி ஷாட்டில், பழுது பார்த்து முடிந்த வாட்ச் ஓடும்போது, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “இந்த பீட் சரியில்லையேம்மா. டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒண்ணா இல்ல. ரிப்பேருக்கு முன்னாடி எடுத்த சத்தத்தைப் போட்டுட்டே.”

ஒலிக்கோப்புகளைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மறுநாள் காலையில் அதே வாட்ச்சை அவரே சாவி கொடுத்து மைக் முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நீங்கள் கேட்கப்போகும் கடைசி நாற்பது நொடி அந்தப் பதிவுதான்.