ஒரகடம் பிளான்ட் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு: கிண்டி வேலைவாய்ப்பு முகாமில் ஸ்டால் முன் நின்று பேசுவது

ஸ்டாலுக்கு வந்ததும்

வணக்கம் சார். என் பேர் செல்வி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிருக்கேன். அம்பத்தூர் எஸ்டேட்ல, அலுமினிய ஹவுசிங் மெஷினிங் பண்ற ஒரு கம்பெனியில 3 வருஷமா லைன் இன்ஸ்பெக்டரா இருக்கேன். 4 சி.என்.சி. மெஷின், ஷிஃப்டுக்கு 600 பீஸ் என் பொறுப்பு. உங்க ஒரகடம் பிளான்ட்டுக்கு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் எடுக்கிறீங்கன்னு போர்டுல பார்த்தேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

நான் செஞ்ச ஒரு வேலையை மட்டும் சொல்றேன் சார். பேரிங் உக்கார்ற துளை, அந்தப் போர் 35 H7, டாலரன்ஸ் 25 மைக்ரான். எங்ககிட்ட ஓகே ஆகிப் போன பீஸ், கஸ்டமர் லேப்ல போர் சின்னதா இருக்குன்னு மாசம் 40 வரைக்கும் திரும்பி வந்துட்டிருந்தது. மெஷின்ல குறை இல்ல. பீஸ் சூடா இருக்கும்போதே அளந்துட்டிருந்தோம். ஆறவச்சு அளக்குற முறையையும், கேஜ் செட் பண்ற மாஸ்டரையும் மாத்தினேன். 5 மாசமா அந்தக் கம்ப்ளெயின்ட்ல ஒரு பீஸ்கூடத் திரும்பல.

உங்க பிளான்ட்லயும் அலுமினிய பாகம் ஓடுதுன்னு பேனர்ல இருக்கு. உங்க லைன் குவாலிட்டி ஹெட்கிட்ட எனக்கு 10 நிமிஷம் வாங்கிக் குடுங்க சார். ஒரு பீஸும் டிராயிங்கும் குடுத்தா அளந்தே காட்டுறேன். இது என் ரெஸ்யூமே.

(இதுவரை ஒரு நிமிடம். அவர் ரெஸ்யூமேயைப் பார்க்கும்போது பேசாமல் நிற்க வேண்டும். கேட்டால் மட்டும் கீழே உள்ளவை.)

“சூடுதான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுது?”

முதல்ல கேஜைத்தான் சந்தேகப்பட்டேன் சார். 10 பீஸ், 3 ஆளு, ஆளுக்கு 3 தடவைன்னு அளக்கவச்சு, அளக்குறதுலயே எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு ஜி.ஆர்.ஆர். போட்டேன். 34 சதவீதம் வந்தது. 30க்கு மேல போனா அந்த அளவை நம்பி பீஸைப் பிரிக்கவே கூடாது. ஆளுங்க அளக்குறதை நின்னு பார்த்தேன். போர் கேஜை உள்ள விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, முள்ளு திரும்புற இடத்துல இருக்கிற குறைஞ்ச அளவைத்தான் எடுக்கணும். ரெண்டு பேர் ஆட்டாமலே நேரா படிச்சாங்க. கேஜ் சாய்ஞ்சிருந்தா போர் பெருசாத்தான் காட்டும். சொல்லிக்குடுத்தப்புறம் 14க்கு வந்தது. 10க்குக் கீழ கொண்டுவர ஏர் கேஜ் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் வரல.

கேஜ் சரியானதுக்கு அப்புறமும் ரிஜெக்ஷன் நிக்கல. அப்பதான் டெம்பரேச்சர் பார்த்தேன். அளவுங்கிறதே 20 டிகிரிக்குச் சொல்றதுதான், கஸ்டமர் லேப் அந்த 20லதான் அளக்குது. எங்க ஷாப் மே மாசத்துல 38. மெஷின்லருந்து இறக்கின பீஸ், கேஜைவிட இன்னும் 15 டிகிரி சூடு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். 35 மில்லி போருக்கு 15 டிகிரின்னா 12 மைக்ரான். டாலரன்ஸ்ல பாதி அங்கேயே போயிடுது சார். 35.008 காட்டி ஓகே ஆன பீஸ், ஆறினதும் 34.996. லோயர் லிமிட் 35.000.

இதுல இன்னொரு கெடுதலும் சேர்ந்துக்கும். போர் பெருசா காட்டுதேன்னு ஆபரேட்டர் ஆஃப்செட்டைக் குறைப்பார். அடுத்த பீஸ் இன்னும் சின்னதா வரும். அவர்மேல தப்பு இல்ல, அவர் கையில குடுத்த எண்ணே தப்பு.

“ஆறவச்சதும் சரியாயிடுச்சா?”

பாதிதான் சார். பீஸ் ஆறி 38க்கு வந்தாலும் லேப் அளவோட 7 மைக்ரான் வித்தியாசம் இருந்தது. கேஜை செட் பண்ற ரிங் ஸ்டீல். ஸ்டீல் 11.5 மைக்ரான்தான் விரியும், அலுமினியம் அதுல ரெண்டு மடங்கு. 20லருந்து 38க்கு 18 டிகிரி. போர் 14 மைக்ரான் விரிஞ்சா ரிங் 7தான் விரியும். மிச்சம் 7 மைக்ரான் அப்படியே ரீடிங்ல ஏறிடும். ரெண்டும் ஒரே ரூம்லதானே இருக்குன்னு விட்டுட்டா இது கண்ணுக்கே தெரியாது.

அதனால நம்ம பீஸ்லயே ஒண்ணை எடுத்து, லேப்ல 20 டிகிரியில அளந்து, அளவைப் பொறிச்சு, மாஸ்டரா வச்சுக்கிட்டோம். பீஸை 40 நிமிஷம் ஆறவைக்கிற அதே கிரானைட் பிளேட்ல, பக்கத்துலயே அது இருக்கும். பீஸ் எவ்வளவு விரியுதோ அதுவும் அவ்வளவு விரியும். ஆனா அலுமினியம் சீக்கிரம் தேயும், அதனால மாசம் ஒரு தடவை லேப்புக்கு அனுப்பி சரிபார்க்கணும். வைஸ்ல வச்சு இறுக்கவே கூடாது, போர் நெளிஞ்சிடும்.

“40 நிமிஷம் ஆறவச்சா லைன் நிக்காதா?”

நிக்காது சார். மெஷின் ஓடிட்டே இருக்கும். ஷிஃப்ட் ஆரம்பத்துலயும் இன்சர்ட் மாத்தினப்பவும் வர்ற முதல் பீஸ் பிளேட்டுக்குப் போகும். அந்த 40 நிமிஷத்துல ஒரு மெஷின்ல 12, 13 பீஸ் வரும், அது மணி எழுதின மஞ்சள் டிரேயில ஹோல்டு. முதல் பீஸ் ஓகேன்னா டிரே போகும். இல்லன்னா அந்த 13 பீஸை மட்டும் நூறு சதவீதம் பார்த்தாப் போதும், முழு ஷிஃப்டையும் கொட்டிப் பிரிக்க வேண்டாம். ஆறாத பீஸ் ரீடிங்கை வச்சு ஆஃப்செட்டைத் தொடக்கூடாதுன்னு மெஷின்லயே எழுதி ஒட்டியிருக்கோம். ஆறின 5 பீஸ் ஒரே பக்கம் போனாத்தான் தொடணும். ஃபேன் காத்துல ஆறவைக்கிறதையும் நிறுத்தினோம். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் ஆறி, ரீடிங் ஆளுக்கு ஒண்ணா வந்தது.

அளவு டாலரன்ஸுக்குள்ள எவ்வளவு நிதானமா நிக்குதுன்னு காட்டுற சி.பி.கே., இப்ப அந்தப் போருக்கு 1.41. எங்க கஸ்டமர் கேக்கிறது குறைஞ்சது 1.33.

“டிராயிங், ரிப்போர்ட் எதாவது இருக்கா?”

டிராயிங் கம்பெனியோடது சார், கொண்டு வரல. இப்ப நான் சொன்ன கணக்கை மட்டும் ரெஸ்யூமே பின்பக்கம் எழுதியிருக்கேன்.

“சி.எம்.எம். தெரியுமா?”

புரோகிராம் எழுதத் தெரியாது சார். இருக்கிற புரோகிராமை ஓட்டுவேன், புரோப் காலிபரேட் பண்ணுவேன், ஃபிக்ஸ்சர்ல பீஸ் மாட்டி ரிப்போர்ட் படிச்சு, பொசிஷன் தப்பா வந்தா டேட்டம் எதை எடுத்திருக்குன்னு பார்ப்பேன். உங்க புரோகிராமர் கூட உக்கார வச்சீங்கன்னா கத்துக்கத் தயார்.

“எதுக்கு மாறுறீங்க, சம்பளம் எவ்வளவு?”

இங்க ஒரே பாகம்தான் ஓடுது சார். கியர், காஸ்டிங்னு வேற பாகங்களும் பார்க்கணும். இப்ப கையில 18,500 வருது, 24,000 எதிர்பார்க்கிறேன். நோட்டீஸ் 30 நாள். வீடு ஆவடி. மூணு ஷிஃப்டும் வருவேன், ராத்திரி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் எதுவரைக்கும் வரும்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்.

பின்னால் வரிசை நீளமாக இருந்தால், இதை மட்டும்

வணக்கம் சார். செல்வி, மெக்கானிக்கல் டிப்ளமோ, அம்பத்தூர்ல 3 வருஷம் லைன் இன்ஸ்பெக்டர். 35 H7 போர்ல மாசம் 40 கஸ்டமர் ரிஜெக்ஷன் இருந்தது. சூட்டுல அளந்ததுதான் காரணம்னு கண்டுபிடிச்சு முறையை மாத்தினேன், 5 மாசமா ஒண்ணுகூட இல்ல. கணக்கு ரெஸ்யூமே பின்பக்கம் இருக்கு. ஒரகடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்திருக்கேன். கூட்டம் குறைஞ்சதும் 3 மணிக்குத் திரும்பி வரலாமா சார்?