உப்புத்தண்ணித் தோட்டம்: சேனல் டிரெய்லர் ஸ்கிரிப்ட் (40 நொடி)

தம்பி, கேமராவும் எடிட்டிங்கும் உன் கையில இருக்கு, அதனால எல்லாத்தையும் விவரமாவே எழுதியிருக்கேன். பேசுற வரிகளைத் தனியாப் பிரிச்சு வச்சிருக்கேன். மத்ததெல்லாம் உனக்கான குறிப்பு. பேச்சு மொத்தம் 80 வார்த்தை பக்கம் வருது. நிறுத்தி நிதானமாப் பேசினா 40 நொடிக்குச் சரியா இருக்கும். ஒரு வரி கூட்டணும்னா இன்னொரு வரியை எடுத்துடணும்.

யாருக்கு இந்த டிரெய்லர்னு முதல்ல மனசுல வச்சுக்க. நம்ம சேனல் பக்கத்துக்கு வந்தும் இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணாதவங்களுக்கு. குடிக்கத் தாமிரபரணித் தண்ணி வரும், மத்த எல்லாத்துக்கும் போர்த் தண்ணிதான். தட்டட்டியில பத்து இருபது தொட்டி வச்சிருப்பாங்க. வீடியோ பாத்து மண் கலவை போட்டு, மீன் அமிலம், பஞ்சகவ்யம்னு எல்லாம் ஊத்தியும் செடி தேறாம நிக்கிறவங்க. அந்த வீடியோக்கள்ல சொன்னது தப்பு இல்ல. நல்ல தண்ணி இருக்கிற ஊருக்கு அது சரி. நம்ம ஊர்ல பாதி வீட்டுத் தட்டட்டிக்கு அது பொருந்தாது, அதை யாரும் எடுத்துச் சொல்றதும் இல்ல. சேனல் தொடங்குறதே அதுக்காகத்தான்.

0 – 5 நொடி

படம்: சிமெண்ட் தொட்டியின் விளிம்பு, ரொம்பப் பக்கத்துல. என் கட்டைவிரல் நகம் அந்த வெள்ளைப் படிவத்தைச் சுரண்டுது. பொடியா உதிர்ந்து கறுப்பு மண்ணு மேல விழணும். நகம் சுரண்டுற சத்தம் கேக்கட்டும், அந்த இடத்துல பாட்டு வேண்டாம்.

பேச்சு:
"தொட்டி விளிம்புல வெள்ளையாப் படிஞ்சிருக்கு, பாத்தியளா? நாம ஊத்துன தண்ணி விட்டுட்டுப் போன உப்பு."

வணக்கம், என் பேரு இதுன்னு தொடங்கக் கூடாது. பாக்குறவங்க வீட்டுத் தொட்டியிலயும் இதே வெள்ளை இருக்கும். அது கண்ணுல பட்டாலே நின்னு பாப்பாங்க. தொட்டிக்கு வடபக்கம் உக்காந்து எடு. காலை வெயில் சாய்வா விழுந்தாதான் பொடி மின்னும்.

5 – 12 நொடி

படம்: பீன்ஸ் இலை. நுனியும் ஓரமும் காஞ்சு பழுப்பாகி, நடு இலை மட்டும் பச்சையா இருக்கிறது. அடுத்து கறிவேப்பிலை, கீழ் ஈர்க்குல முத்தின இலை, அதே மாதிரி நுனி கருகினது. ரெண்டுக்கும் ஒவ்வொரு ஷாட் போதும்.

பேச்சு:
"உரம் வச்சாச்சு, மருந்து அடிச்சாச்சு. இன்னும் இலை நுனி கருகுதுன்னா, ஒருதடவை தண்ணியச் சந்தேகப்படுங்க."

பூச்சி தின்ன இலையோ, புள்ளி விழுந்த இலையோ எடுத்துடாத. உப்பால கருகுறது நுனியிலயும் ஓரத்துலயும்தான் தொடங்கும், பெரும்பாலும் முத்தின இலையில முதல்ல தெரியும். விஷயம் தெரிஞ்சவங்க பாத்தா இலையை வச்சே நம்பணும். கறிவேப்பிலைக்கும் அதனால கொழுந்தை விட்டுட்டு, கீழ் ஈர்க்குல நுனி காஞ்ச இலையை எடு.

12 – 21 நொடி

இதுதான் டிரெய்லரோட உயிர், இதுக்கு நேரம் எடுத்துக்க.

படம்: மாடிக் குழாயைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி பிடிக்கிறேன். தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற, பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டரோட மூடியைக் கழட்டி, கோடு வரைக்கும் முக்குறேன். ஒரு ஆட்டு ஆட்டிக் காத்துக்குமிழி போனதும் எண்ணு ஏறி நிக்கும். அது நிக்கிற வரைக்கும் வெட்டாத. எண்ணு ஓடி ஓடி நிக்கிறதைப் பாத்தாதான் பாக்குறவங்களுக்கு நம்பிக்கை வரும். நின்ன உடனே கேமராவைத் தூக்கினா பின்னால கொத்தவரைக் கொத்து தெரியணும், அந்தப்பக்கம் பந்தல்ல தட்டப்பயறு.

பேச்சு:
"எங்க வீட்டு போர்த் தண்ணி, டிடிஎஸ் 1900. கொத்தவரை, தட்டப்பயறு, தண்டுக்கீரை, முருங்கை எல்லாம் இந்தத் தண்ணியிலதான் நிக்கி."

திரையில எழுத்து: போர்த் தண்ணி – 1900

எடுக்குற அன்னிக்கு மீட்டர் 1840 காட்டினா 1840னே பேசுறேன், எழுத்தையும் மாத்திக்க. ஒரு எண்ணையும் அழகுக்காகத் திருத்தக் கூடாது. குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏத்துக்கிற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழி இல்லாத இடத்துல 2000 வரைக்கும். நம்ம தண்ணி அந்த மேல் எல்லைக்குப் பக்கத்துல நிக்குது. பீன்ஸ் வேர் இருக்கிற மண்ணுல உப்பு, மின்சாரம் கடத்துற அளவை வச்சுச் சொல்ற கணக்குல 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே காய்ப்பு குறையத் தொடங்கும். வெங்காயமும் கேரட்டும் அந்த வகைதான். தட்டப்பயறு ஏறத்தாழ 5 வரைக்கும் தாங்கும், கொத்தவரை அதுக்கும் மேல. டிடிஎஸ் எண்ணைத் தோராயமா 640ஆல வகுத்தா டெசிசீமென்ஸ் வரும், நம்ம தண்ணி 3 பக்கம். இவ்வளவும் டிரெய்லர்ல சொல்ல முடியாது, ஆனா அந்த நாலு செடிப் பேரை ஏன் சொல்றேன்னு உனக்குத் தெரியணும். தக்காளி பேரை வேணும்னேதான் விட்டேன். அது மழைத்தண்ணி கலந்து ஊத்தி வர்றது, அதுக்குத் தனி வீடியோ இருக்கு.

21 – 31 நொடி

படம்: இங்கதான் என் முகம் முதல் தடவையா வரும். தட்டட்டியில தொட்டிகளுக்கு நடுவுல நிக்கிறேன், சேலை முந்தியை இடுப்புல சொருகியிருப்பேன். "உப்பை எப்படி"ன்னு சொல்லும்போது தொட்டியோட அடி ஓட்டைக்கு வெட்டு: மேல ஊத்தின தண்ணி கீழ கிண்ணத்துல சொட்டுது, அதுல மீட்டரை முக்குறேன், மேல ஊத்தினதை விடப் பெரிய எண்ணு நிக்குது. "மழைத்தண்ணி"ன்னு சொல்லும்போது மாடிக் குழாய்க்குக் கீழ வச்சிருக்கிற நீல டிரம்மு.

பேச்சு:
"இது உப்புத்தண்ணித் தோட்டம், பாளையங்கோட்டையில இருந்து. உப்புத் தண்ணியில எது வரும், எது வராது, தொட்டியில சேந்த உப்பை எப்படி வெளியேத்துறது, மழைத்தண்ணிய எப்படிச் சேக்குறது. இங்க பேசுறது இது மட்டும்தான்."

"இது மட்டும்தான்" சொல்லும்போது கேமராவை நேராப் பாப்பேன். ரோஜா, போன்சாய், வீட்டுக்குள்ள வைக்கிற செடின்னு எல்லாம் சேத்துக்கலாமேன்னு நீ ஒருதடவை கேட்ட. வேண்டாம். எல்லாம் காட்டுற சேனல் ஆயிரம் இருக்கு. நம்மளைத் தேடி வர்றவங்களுக்கு ஒரு கேள்விதான் இருக்கும், அதுக்கு மட்டும் முழுசா பதில் சொல்லுவோம்.

கீழ சொட்டுற ஷாட்டைச் சின்னதாக்கிடாத, அதுலதான் விஷயம் மொத்தமும் இருக்கு. வெயில்ல தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. தினம் கொஞ்சமா மேலாப்புல தெளிச்சுட்டே வந்தா வேர்கிட்ட உப்பு ஏறிக்கிட்டே போகும். நல்லா நனைச்சு அடியில வடிய விட்டாதான் வெளியேறும், வடிஞ்ச தண்ணியைத் தட்டுல தேங்கவிடவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வேலையை நமக்காகச் செஞ்சு குடுக்கும். அதனால அந்த மாசங்கள்ல தொட்டியை மழைக்கு மறைச்சு வைக்கக் கூடாது.

31 – 40 நொடி

படம்: நாலு வேகமான ஷாட். கொத்தவரையைக் கொத்தோட கிள்ளுறது. தென்னை நார்க்கழிவுக் கட்டியை நல்ல தண்ணியில ஊறப்போட்டுப் பிழியிறது. காஞ்ச தென்னை ஓலையை நறுக்கி மூடாக்கு போடுறது. செத்துப்போன ஒரு பீன்ஸ் செடியை வேரோட பிடுங்கிக் காட்டுறது. கடைசி ஷாட்டை எடுத்துடாத. வராத செடியையும் காட்டுற சேனல்னு தெரியட்டும். முடிவுல திரும்ப என் முகம்.

பேச்சு:
"தண்ணி அளவு சொல்லாம ஒரு செடியும் காட்ட மாட்டேன். சனிக்கிழமை தோறும் காலையில ஒரு வீடியோ. உங்க வீட்டுத் தண்ணியும் உப்புன்னா சப்ஸ்கிரைப் பண்ணிக்கிடுங்க."

திரையில எழுத்து: உப்புத்தண்ணித் தோட்டம் / சனிக்கிழமை காலை

பெல் பட்டன், லைக், ஷேர் எதையும் சொல்லல. ஒரே ஒரு வேலைதான் கேக்குறோம், அதுவும் தண்ணி உப்பா இருந்தா மட்டும்.

சத்தமும் பேச்சும்

மேல்காத்து அடிக்கிற மாசம் இது. குத்தாலத்துல சாரல்னா நமக்கு இங்க காஞ்ச காத்துதான், தட்டட்டியில மைக்கை வச்சா வெறும் உறுமல்தான் பதிவாகும். முகம் வர்ற ரெண்டு இடத்துக்கு மட்டும் சட்டையில மாட்டுற மைக்கு, அதுக்குப் பஞ்சு உறை போட்டுக்குவோம். மீதிப் பேச்சை உள் ரூம்ல, மெத்தை பக்கத்துல உக்காந்து பதிவு பண்ணிடலாம். பாத்தியளா, நிக்கி, பண்ணிக்கிடுங்க, இதையெல்லாம் அப்படியே விடு. சென்னையில இருந்து பாக்குறவங்களுக்கும் புரியும், இங்க இருக்கிறவங்களுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பேசுற மாதிரி இருக்கும். பாட்டு மெல்லிசா, 12வது நொடியில இருந்து மட்டும். மீட்டர் எண்ணு நிக்கிற அந்த ஒரு நொடியில அதையும் நிறுத்திடு.

எழுத்தெல்லாம் தடிமனா, திரையோட மேல் பாதியில வை. கீழ வச்சா போன்ல சப்டைட்டில் மறைச்சிடும். சப்டைட்டிலை நானே தட்டச்சுப் பண்ணித் தர்றேன். தானா வர்றது கொத்தவரையை என்னவா எழுதும்னு சொல்ல முடியாது.

சேனல் அறிமுகத்துல போடுறது

"போர்த் தண்ணி உப்பா இருக்கிற வீட்டுல தட்டட்டித் தோட்டம் போடுறவங்களுக்கான சேனல். பாளையங்கோட்டையில எங்க வீட்டு மாடியில வளர்க்குறதை மட்டும் காட்டுறோம். ஒவ்வொரு வீடியோவும் அன்னிக்கு ஊத்துன தண்ணியோட டிடிஎஸ் அளவுல தொடங்கும். உப்பைத் தாங்குற காய்கள், கீரைகள், தொட்டியில உப்பு வடிக்கிற முறை, நார்க்கழிவைக் கழுவுறது, மூடாக்கு, மழைத்தண்ணியும் ஏசித் தண்ணியும் கலந்து ஊத்துறது. ஆர்ஓ மெஷின்ல கழிவா வர்ற தண்ணியில உப்பு இன்னும் கூடுதல், அதைச் செடிக்கு நேரா ஊத்த வேண்டாம். சனிக்கிழமை தோறும் காலையில புது வீடியோ."

டிரெய்லரை ஏத்துறதுக்கு முன்னாடி மூணு வீடியோ சேனல்ல இருக்கணும்: தொட்டியில உப்பு வடிக்கிறது, கொத்தவரை, அப்புறம் நார்க்கழிவு கழுவுறது. டிரெய்லர் பாத்துட்டுக் கீழ இறங்கினா அவங்க கேள்விக்குப் பதில் அங்கயே கிடைக்கணும். அந்த மூணுல வடிக்கிற வீடியோ மட்டும் இன்னும் எடிட் ஆகல, இதுக்கு முன்னாடி அதை முடிச்சுக் குடு. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வந்துடு, எட்டு மணிக்கு மேல வெயில் நேரா விழுந்து தொட்டி விளிம்பு ஷாட் வெளுத்துப் போகும்.