நான்காம் வகுப்பு முன்னேற்ற அறிக்கை: மாற்றி எழுதிய குறிப்புகள்

டீச்சர், அந்தப் பையனுடைய அறிக்கையில் நீங்கள் எழுதியிருந்த குறிப்புகளை மாற்றி எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவனுடைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனாலும் தினமும் பார்ப்பவர் நீங்கள், பொருந்தாததை அடித்துவிடுங்கள்.

கணக்கு

நீங்கள் எழுதியது: "கவனம் போதாது. நிறையப் பயிற்சி தேவை."

மாற்றியது: "கூட்டல் நன்றாக வருகிறது, 8-ஆம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் சொல்கிறான். கழித்தலில் ஓர் இடத்தில்தான் சிக்குகிறான். மேலே உள்ள இலக்கம் சிறியதாக இருந்தால் கடன் வாங்காமல், கீழே உள்ள பெரியதிலிருந்து அதைக் கழித்துவிடுகிறான். 502-இலிருந்து 178-ஐக் கழித்தால் 324 வர வேண்டும், அவனுக்கு 476 வருகிறது. வகுப்பில் இப்போது பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைப் பிரித்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம். வீட்டில் தினம் இரண்டு கணக்கு போதும். விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே இருந்த எண் திரும்பி வந்தால் சரி. வராவிட்டால் எங்கே தவறினான் என்று அவனே தேடட்டும்."

இது கவனக்குறைவே இல்லை, டீச்சர். ஆறு கணக்கிலும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறான், கவனமில்லாத பிள்ளை ஒவ்வொன்றிலும் வேறு வேறு தப்பு செய்யும்.

தமிழ்

நீங்கள் எழுதியது: "எழுத்துப்பிழை அதிகம். கையெழுத்து மோசம்."

மாற்றியது: "படித்த கதையைத் தன் சொந்தச் சொற்களில் அழகாகச் சொல்கிறான். சொல்வதெழுதுதலில் ல, ள இரண்டும் குழம்புகின்றன, 'பள்ளி' என்றால் 'பல்லி' என்று எழுதிவிடுகிறான். வாரத்தில் மூன்று நாள், ஐந்து சொற்களை நீங்கள் நிதானமாக உச்சரித்து அவனை எழுதச் சொல்லுங்கள். தவறினால், சரியான சொல்லை வாய்விட்டுச் சொல்லியபடி ஒரு முறை எழுதினால் போதும், பத்து முறை வேண்டாம்."

கையெழுத்தை எடுத்துவிட்டேன். எல்லாக் குறையையும் ஒரே தாளில் கொட்டினால் வீட்டில் எதை முதலில் பிடிப்பார்கள்?

வகுப்பில்

நீங்கள் எழுதியது: "ஓயாமல் பேசுகிறான், மற்றவர்களைத் தொந்தரவு செய்கிறான்."

மாற்றியது: "தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறான், அப்புறம் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேச ஆரம்பிக்கிறான், அவர்களால் முடிக்க முடிவதில்லை. இரண்டு வாரமாக, முடித்ததும் நோட்டுகளை அடுக்கித் தரும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம், விருப்பமாகச் செய்கிறான். இதற்காக வீட்டில் கண்டிக்க வேண்டாம். இன்று யாருக்கு உதவினாய் என்று கேளுங்கள்."

பொதுக் குறிப்பு

"இன்னும் முயன்றால் முதலிடம் பெறலாம்" என்பதை முழுதாக நீக்கிவிட்டேன். அதற்குப் பதில்: "கழித்தல் எப்படிப் போகிறது என்று மூன்று வாரம் கழித்து நோட்டில் எழுதி அனுப்புகிறேன். வீட்டில் அவன் எங்கே திணறுகிறான் என்று நீங்களும் அதே பக்கத்தில் எழுதுங்கள்."

எழுதி அனுப்பப்போவது நீங்கள்தான், அதனால் தேதியை டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.