தமிழ்ச்செல்வியின் விடுப்பு: கணக்குப் பிரிவினருக்கு அறிவிப்பு

திருப்பூர்
3 நவம்பர் 2025

கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு,

தமிழ்ச்செல்வி உடல்நலக் காரணங்களுக்காக இன்று முதல் விடுப்பில் இருக்கிறார். ஜனவரி முதல் வாரத்தில் பணிக்குத் திரும்புவார் என்று எதிர்பார்க்கிறோம். அந்தத் தேதி முன்னே பின்னே ஆகலாம். அப்படி மாறினால் உங்களுக்குத் தெரிவிக்கிறேன். தேதி தள்ளிப்போனதை வைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம். நம் பிரிவில் போடுவதற்கு வேறு கணக்குகள் நிறைய இருக்கின்றன.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே தமிழ்ச்செல்வியிடம் காட்டிவிட்டேன். அவர் சொல்லச் சம்மதித்தது இவ்வளவுதான். என்ன உடம்புக்கு, எந்த மருத்துவமனை, யார் பார்க்கிறார்கள் என்ற விவரங்கள் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியவை. பெரிய விஷயமா, சாதாரணமானதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லமாட்டேன். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று இன்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால், நாளை வேறொருவருக்கு அப்படிச் சொல்லாமல் இருப்பதே ஒரு பதிலாகிவிடும். ஆகவே என்னிடம் கேட்டால் 'விடுப்பில் இருக்கிறார்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவச் சான்றிதழ் மனிதவளப் பிரிவில் மூடிய உறையில் இருக்கிறது. வருகைப் பதிவில் 'விடுப்பு' என்று மட்டும் வரும். இன்று காலை வெள்ளைப் பலகையில் அவர் பெயருக்கு எதிரே யாரோ 'மெடிக்கல்' என்று எழுதியிருந்தீர்கள். நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள், அதை அழித்துவிட்டேன். அந்தப் பலகையை டையிங்காரர்கள் முதல் லாரி டிரைவர்கள் வரை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இனி வேலை.

முதலில் டையிங், நிட்டிங், பிரின்டிங் பில்கள். இவற்றை நஸீமா பார்ப்பார். ஒவ்வொரு ஜாப்வொர்க் ஃபைலின் உள்அட்டையிலும் தமிழ்ச்செல்வி பென்சிலில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: எந்த யூனிட்டின் டெலிவரி சலானில் எடை எப்படி வரும், எங்கே கழிவு கழிக்கப்பட்டிருக்கும், எந்த யூனிட் பில்லோடு சலானை இணைக்க மறக்கும் என்று. தொலைபேசியில் கேட்டால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. குறிப்பை அழிக்காமல், புதிதாக ஏதாவது தெரியவந்தால் அதன் கீழே எழுதி வையுங்கள். இந்த யூனிட்களில் பெரும்பாலானவை சிறு, குறு தொழில்களாகப் பதிவு செய்தவை. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் 45 நாட்களுக்கு மிகாமலும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் அவர்களுக்குப் பணம் போயாக வேண்டும். இழுத்தடித்து நிதியாண்டு முடிவைத் தாண்டினால், அந்தச் செலவை இந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது. எனவே பில்லின் தேதி வரிசையை விட்டுவிட்டு, கெடு நெருங்கும் வரிசையில் அடுக்குங்கள்.

டிடிஎஸ் செலுத்த வெள்ளிக்கிழமை, 7ஆம் தேதி கடைசி. இந்த மாதம் அதை நானே செய்துவிடுகிறேன். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி இரண்டும் கார்த்திகேயன் பொறுப்பு. ஏற்றுமதி இன்வாய்ஸ்களில் ஷிப்பிங் பில் எண்ணும் துறைமுகக் குறியீடும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். அங்கே ஓர் எண் பிசகினால் ரீஃபண்ட் மாதக்கணக்கில் நின்றுவிடும். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் 15ஆம் தேதி, அது சனிக்கிழமை. அன்று வாரக்கூலி பட்டுவாடாவும் இருப்பதால் முருகேசன் அண்ணன் வியாழனன்றே செலுத்திவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாவது யூனிட்டிலிருந்து பிரியதர்ஷினி வாரத்தில் மூன்று நாட்கள் இங்கே வருவார். அவர் கையில் வவுச்சர் பதிவை மட்டும் கொடுங்கள். புதிதாக வரும் பெண்ணின் தலையில் பழைய நிலுவையை எல்லாம் கட்டிவிட வேண்டாம்.

வங்கித் தளம், பிஎஃப் தளம் இரண்டிலும் ஓடிபி தமிழ்ச்செல்வியின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையே அதை என் எண்ணுக்கு மாற்றிவிட்டோம். 'ஒரே ஒரு ஓடிபிதான் மேடம்' என்று அவரை அழைக்க இனி யாருக்கும் காரணம் இல்லை. மேசைச் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த மேசையில் வேறு யாரும் உட்கார வேண்டாம். பிரியதர்ஷினிக்கு ஜன்னலோரம் இடம் போட்டாகிவிட்டது.

வேலை தொடர்பாகவும் தமிழ்ச்செல்வியை அழைக்க வேண்டாம், செய்தியும் அனுப்ப வேண்டாம். ஃபைலில் விடை கிடைக்காத விஷயம் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். எனக்கும் தெரியாவிட்டால் அந்த பில் காத்திருக்கட்டும், அல்லது யூனிட்டையே கேட்டுக்கொள்வோம். வேலைப்பளு கூடித்தான் இருக்கும். எட்டு மணி தாண்டி யாராவது உட்கார வேண்டிவந்தால் முன்கூட்டியே எனக்குச் சொல்லுங்கள். ஆளை மாற்றிப் போடுவது என் வேலை. முணுமுணுப்பு இருந்தால் அதுவும் என்னிடமே வரட்டும், அவர் காதுக்குப் போகக் கூடாது.

வெளியாட்கள் கேட்பார்கள். மாதத்தின் முதல் வாரத்தில் பணம் கேட்டு வருபவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் உள்ளே நுழைவார்கள். 'அவர் விடுப்பில் இருக்கிறார், உங்கள் பில்லை இப்போது நான் பார்க்கிறேன், சொல்லுங்கள்' என்றால் போதும். 'ஏன், என்ன ஆச்சு?' என்று தொடர்ந்தால் பில் எண்ணைக் கேளுங்கள். பேச்சு தானாகத் திரும்பிவிடும்.

உங்கள் அக்கறை எனக்குத் தெரியாததல்ல. உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்காவிட்டால் நமக்கு மனம் ஆறாது. இந்த முறை தயவுசெய்து போக வேண்டாம். வீட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். வாழ்த்தை ஒரு தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் நஸீமாவிடம் கொடுங்கள். தமிழ்ச்செல்வியின் தம்பி வந்து வாங்கிக்கொள்வார். சீக்கிரம் வாருங்கள், நலமாக வாருங்கள் என்று எழுதுங்கள். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது என்று எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். அவினாசி கோயிலில் அர்ச்சனை செய்யப்போவதாக ஒருவர் சொன்னார். தாராளமாகச் செய்யுங்கள். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும்; நோயின் பெயரை எந்தக் குருக்களும் கேட்பதில்லை.

யாருக்காவது அவர் விடுப்பின் காரணம் ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். நட்பின் பேரில் அவரே சொல்லியிருக்கலாம். அது உங்களிடம் மட்டும் சொன்னது. டீ இடைவேளையில் பகிர்ந்துகொள்வதற்கு அல்ல. தெரியாதவர்கள், தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்து ஊகிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. அவர் திரும்பி வரும் அன்று வழக்கம்போல வணக்கம் சொல்லி வரவேற்றால் போதும். 'இளைத்துவிட்டீர்களே', 'முகம் வாடியிருக்கிறதே' போன்ற விசாரிப்புகள் வேண்டாம். முதல் இரண்டு வாரங்கள் அவருக்கு அரை நாள் பணிதான். அந்த நேரத்துக்கு ஏற்றபடி வேலைப் பங்கீட்டை டிசம்பர் கடைசியில் தருகிறேன்.

நாளை காலை 9.30 மணிக்கு என் மேசையருகே பத்து நிமிடம் நின்றபடி பேசுவோம். நஸீமா, முருகேசன் அண்ணன், கார்த்திகேயன் மூவரும் தங்கள் கையில் நிலுவையில் உள்ளவற்றின் பட்டியலோடு வாருங்கள். இன்றைய தேதிக்கு 30 நாள் தாண்டிய ஜாப்வொர்க் பில்கள் அதில் தனியாக இருக்கட்டும்.

சுந்தரராஜன்
மேலாளர், கணக்குப் பிரிவு