முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளராக இசைவு கோரும் கடிதம்

மந்தணம்

ந.க. எண்: 412/தேர்வு-ஆய்வு/2026
நாள்: 02.02.2026

அனுப்புநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்

பெறுநர்
பேராசிரியர் மற்றும் தலைவர், கல்வெட்டியல் துறை

பொருள்: முனைவர் பட்ட ஆய்வேடு – புறத்தேர்வாளராக மதிப்பிட இசைவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட நெறிமுறைகள், 2022.

மதிப்பிற்குரிய ஐயா,

“சோழர் கால நீர்ப்பாசன நிர்வாகம்: கல்வெட்டுகளின் வழி (கி.பி. 907–1070)” என்னும் தலைப்பில் எங்கள் வரலாற்றுத் துறையின் முழுநேர ஆய்வாளர் 19.01.2026 அன்று ஆய்வேடு சமர்ப்பித்துள்ளார். அதனை மதிப்பிடும் இரு புறத்தேர்வாளருள் ஒருவராகத் தங்களைத் துணைவேந்தர் நியமித்துள்ளார்கள். தாங்கள் இசைந்து உதவ வேண்டுகிறேன்.

ஆய்வேடு தமிழில் அமைந்தது. 6 இயல்கள், பின்னிணைப்பு நீங்கலாக 286 பக்கங்கள். ஏரி வாரியத்தின் பணிகள், ஏரிப்பட்டி நிலங்கள், தூம்பு – குமிழி பராமரிப்பு, தண்ணீர்ப் பங்கீடு ஆகியவை முதன்மைப் பொருள்கள். உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளுக்கு நான்காம் இயல் முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. பின்னிணைப்பில் 214 கல்வெட்டுகளின் அட்டவணை உள்ளது. ஆய்வாளரின் முடிவுகள் பெரும்பாலும் இந்த அட்டவணையைச் சார்ந்தே நிற்பதால், அதில் பத்துப் பதினைந்து பதிவுகளையாவது அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நன்று. ஆட்சியாண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றுவதில் பிழை நேர்ந்தால், அது இயல்கள் தோறும் தொடரும்.

இசைவுக்கு முன்

இணைப்பு 1-இல் ஆய்வாளர், நெறியாளர் பெயர்களும் 12 பக்க ஆய்வுச் சுருக்கமும் உள்ளன. இவ்விருவருள் எவரேனும் தங்களுக்கு உறவினர் என்றாலோ, கடந்த 5 ஆண்டுகளில் நெறியாளரோடு சேர்ந்து கட்டுரையோ திட்டப்பணியோ செய்திருந்தாலோ, இந்த ஆய்வேட்டின் எந்தப் பகுதியையும் முன்னரே திருத்தித் தந்திருந்தாலோ, மறுத்துவிடுவதே முறை. கருத்தரங்கில் ஒரே மேடையில் பேசியது தடையாகாது. ஐயமிருந்தால் ஒரு வரி எழுதுங்கள்; நாங்கள் முடிவு செய்து கூறுகிறோம்.

கால வரிசை

சமர்ப்பித்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் வாய்மொழித் தேர்வின் முடிவு வரை அனைத்தும் நிறைவடைய வேண்டும் என்பது நெறிமுறை. அதன்படி எங்களுக்கு 18.07.2026 வரையே நாள் உள்ளது.

இசைவு அல்லது மறுப்பு: 12.02.2026-க்குள்.
ஆய்வேடு தங்களை வந்தடைதல்: 16.02.2026. பி.டி.எஃப். கோப்பு மின்னஞ்சலிலும், அச்சுப் படி விரைவஞ்சலிலும் வரும். அச்சுப் படி வேண்டாமெனில் இசைவுக் கடிதத்திலேயே குறிப்பிடலாம்.
மதிப்பீட்டு அறிக்கை: 02.04.2026-க்குள், அதாவது 45 நாள்.
வாய்மொழித் தேர்வு: இரு அறிக்கைகளும் ஏற்புடையனவாக இருப்பின், 2026 மே கடைசி வாரம்.

45 நாள் என்பது இறுக்கமாகத் தோன்றலாம். இரு தேர்வாளருள் ஒருவர் ஆய்வேட்டை நிராகரித்தால், தேர்வாளர் பட்டியலிலுள்ள மாற்றுத் தேர்வாளருக்கு அனுப்பி, அவருக்கும் இதே 45 நாள் தர வேண்டும். அதற்கு இடம் விட்டே இந்த நாள்கள் குறிக்கப்பட்டன. 18.03.2026 அன்று ஒரு நினைவூட்டல் வரும். கூடுதல் காலம் தேவையெனில் 26.03.2026-க்குள் கேட்டால் 17.04.2026 வரை நீட்டிக்க இயலும். அதற்குப் பின் நியமனம் தானாகவே நீங்கி, பட்டியலில் அடுத்தவருக்கு ஆய்வேடு சென்றுவிடும். முடியாதென்று முதல் வாரத்திலேயே தெரிவிப்பது எங்களுக்குப் பேருதவி. பதிலின்றி இரு மாதங்கள் கழிவதில்தான் ஆய்வாளர் பாதிக்கப்படுகிறார்.

மதிப்பூதியம்

ஆய்வேட்டு மதிப்பீட்டுக்கு ரூ.5,000. வாய்மொழித் தேர்வுக்கு அழைக்கப்பட்டால் தனியே ரூ.2,000, அத்துடன் பயணப்படியும் நாட்படியும்; நேரில் வர இயலாதபோது காணொலி வழி நடத்தலாம், அப்போதும் ரூ.2,000 உண்டு. திருத்திய ஆய்வேட்டை மீண்டும் மதிப்பிட நேர்ந்தால் ரூ.2,500. பரிந்துரை எதுவாக இருப்பினும் தொகை மாறாது. நிராகரித்தாலும் முழுத் தொகையே.

அறிக்கை கிடைத்த 30 நாள்களுக்குள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். இணைப்பு 3-இலுள்ள உரிமைகோரல் படிவத்தை அறிக்கையோடு சேர்த்தே அனுப்புங்கள். பான் எண்ணும், ரத்து செய்த காசோலையின் படியும் தேவை. வருமான வரிப் பிடித்தம் விதிப்படி இருக்கும். பணம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: வங்கிகள் இணைக்கப்பட்ட பின்னும் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை எழுதுவது, படிவத்தில் ஒரு பெயர், கணக்கில் முன்னெழுத்து விரித்த இன்னொரு பெயர். வங்கிப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதினால் போதும்.

அறிக்கையின் வடிவம்

இணைப்பு 2-இல் படிவம் உள்ளது; நான்கு பகுதிகள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.

பகுதி அ – பரிந்துரை. பின்வருவனவற்றுள் ஒன்றை மட்டும் தெரிவு செய்க: (1) இவ்வாறே ஏற்கலாம், (2) சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம், நெறியாளர் சரிபார்த்தால் போதும், (3) திருத்தி மீண்டும் எனக்கே அனுப்ப வேண்டும், (4) நிராகரிக்கலாம்.

பகுதி ஆ – விரிவான அறிக்கை, குறைந்தது 3 பக்கம். ஆய்வுச் சிக்கல், முன்னாய்வுகளை ஆய்வாளர் கையாண்ட விதம், சான்றுகளின் நம்பகம், இயல்வாரியான கருத்துகள், புதிய பங்களிப்பு என்னும் வரிசையில் அமையலாம். இயல் சுருக்கம் தேவையில்லை, அது எங்களிடம் உள்ளது. திருத்தம் கோரும் இடங்களில் பக்க எண்ணும் வரியும் வேண்டும். “நான்காம் இயலை மேம்படுத்துக” என்று எழுதினால் ஆய்வாளர் எதைச் செய்வது? “பக்கம் 143: ஏரி வாரியத்தாரின் பதவிக்காலத்துக்குச் சான்று காட்டப்படவில்லை” என்றால் ஒரே நாளில் திருத்திவிடுவார். கட்டாயத் திருத்தத்தையும் விருப்பத் திருத்தத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டுகிறேன்.

பகுதி இ – வாய்மொழித் தேர்வுக்கான வினாக்கள், குறைந்தது 5. தாங்கள் வர இயலாதபோது இவற்றை மற்றவர் கேட்பார். ஆகவே, வினா தன்னளவில் புரியும்படி இருக்கட்டும்.

பகுதி ஈ – அலுவலருக்கு மட்டுமான மந்தணக் குறிப்பு. இதைத் தவிர மற்ற மூன்றும் தங்கள் பெயர் நீக்கி ஆய்வாளருக்குத் தரப்படும்.

அறிக்கைகளைத் திருப்பியனுப்ப நேர்வது, பகுதி அ-வும் ஆ-வும் ஒன்றோடொன்று முரண்படும்போதுதான். மூன்று பக்கம் அடிப்படைக் குறைகளை அடுக்கிவிட்டு (1)-ஐக் குறித்தால், தேர்வுக் குழு எதை நம்பும்? தயங்குமிடத்தில் (2)-க்கும் (3)-க்கும் இடையிலான கோடு இதுதான்: சொல், மேற்கோள், அட்டவணைப் பிழை எனில் (2), முடிவு ஒன்றேனும் மாறக்கூடும் எனில் (3).

ஒப்புமை அறிக்கை 6 விழுக்காடு காட்டுகிறது, வரம்புக்குள்தான். ஆயினும் மென்பொருள் இணையத்திலும் தன் தரவுத்தளத்திலும் உள்ளதைத்தான் ஒப்பிடும். அவற்றில் இல்லாத பழைய அச்சு நூல்களிலிருந்து எடுத்தாண்டதை அது அறியாது. அவ்வகையில் எங்கேனும் ஐயம் எழுந்தால் மூலநூலின் பக்கத்தோடு பகுதி ஈ-இல் எழுதுங்கள்.

கையொப்பமும் நாளும் இட்ட அறிக்கையை இம்மடல் வந்த மின்னஞ்சலுக்கே அனுப்ப வேண்டும். துறைக்கோ நெறியாளருக்கோ வேண்டாம். ஆய்வாளரோ நெறியாளரோ இது குறித்துத் தங்களைத் தொடர்பு கொண்டால், பதிலளிக்காமல் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். பணி முடிந்தபின் மின்கோப்பை அழித்துவிடலாம். அச்சுப் படியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பட்டம் அறிவிக்கப்படும் வரை பிறரிடம் தர வேண்டாம்.

தங்கள் இசைவை எதிர்நோக்குகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்

இணைப்புகள்:
1. ஆய்வுச் சுருக்கமும் பெயர் விவரமும்
2. மதிப்பீட்டு அறிக்கைப் படிவம்
3. மதிப்பூதிய உரிமைகோரல் படிவம்
4. இசைவு / மறுப்புப் படிவம்